கட்டணம் கழிந்து கணக்கு மைனஸுக்குப் போவது ஏன், அதைத் தீர்ப்பது எப்படி

களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஒரு பெண், கொழும்பில் வேலை செய்த காலத்தில் திறந்த சம்பளக் கணக்கை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய பின் ஓராண்டுக்கு மேல் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலை 8ஆம் திகதி, கட்டாரில் இருக்கும் தம்பி அந்தக் கணக்குக்கு 5,000 ரூபா அனுப்புகிறார். மறுநாள் கல்முனையில் ஏடிஎம் அட்டையைச் செலுத்தி மீதியைப் பார்த்தால், எடுக்கக்கூடிய தொகை 1,700 ரூபா என்று திரை காட்டுகிறது. அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. வேறு எவரும் எடுக்கவுமில்லை. அப்படியானால் 3,300 ரூபா எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, பணம் வருவதற்கு முன் அந்தக் கணக்கு எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். அது வெறும் கணக்காக இருக்கவில்லை. 2,300 ரூபா மறை மீதியில், அதாவது பேச்சு வழக்கில் சொல்வதுபோல் ‘மைனஸில்’ இருந்தது. கீழே வரும் தொகைகள் இந்த விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கட்டணங்கள் வங்கிக்கு வங்கி வேறுபடும், ஒரே வங்கியிலும் கணக்கின் வகைக்கேற்ப மாறும். ஆனால் கணக்கு கீழே இறங்கும் விதம் பெரும்பாலும் இதேதான்.

## மறை மீதி என்றால் என்ன

நாம் வங்கியில் பணத்தை வைப்பிலிடும்போது வங்கி நமக்குக் கடன்பட்டதாகிறது. அதனால்தான் நமது பணம் வங்கியின் கூற்றில் வரவாக, CR என்ற குறியுடன் நிற்கிறது. வங்கி தனக்குரிய கட்டணத்தை எடுக்கும்போது அது பற்றாக, DR என்ற குறியுடன் பதிவாகிறது. வரவைப் பற்று விஞ்சும் அந்த நாளில் உறவு தலைகீழாக மாறி, நாம் வங்கிக்குக் கடன்பட்டவராகிறோம். மீதிக்கு முன்னால் ஒரு சிறு கோடோ பின்னால் DR என்ற எழுத்தோ நிற்பதன் பொருள் இவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். சேமிப்புக் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கவே முடியாதே, பிறகு எப்படிக் கணக்கு மைனஸுக்குப் போகும்? வாடிக்கையாளர் எடுப்பதைத்தான் வங்கியின் கணினி முறைமை தடுக்கிறது. மாத இறுதியில் அல்லது ஆண்டு நாளில் தானாக ஓடும் கட்டண அறவீட்டுக்கு அந்தத் தடையை வைப்பதா விடுவதா என்பது வங்கி தானே தீர்மானிக்கும் விடயம். சில வங்கிகள் கட்டணத்தைக் கட்டாயப் பற்றாக எழுதிக் கணக்கைச் சுழியத்துக்குக் கீழே இறங்க விடுகின்றன. வேறு சில, கணக்கைச் சுழியத்தில் நிறுத்திவிட்டு, அறவிடப்படாத கட்டணத்தைத் தனியே நிலுவையாகச் சேர்த்துவைத்து, அடுத்த வைப்பு வந்தவுடன் கழித்துக்கொள்கின்றன. இரண்டாவது வகையில் திரையில் மைனஸ் தெரியாது, 0.00 என்றே இருக்கும். பணம் வந்த நாளில்தான் விடயம் வெளிப்படும். வாடிக்கையாளருக்கு அதிக ஏமாற்றம் தருவது இந்த இரண்டாவது வகை என்பேன். முதலாவது, குறைந்தபட்சம் ஓர் எண்ணையாவது காட்டுகிறது.

இவை இரண்டுடனும் சேர்த்துக் குழப்பப்படும் மூன்றாவது ஒன்றும் உண்டு. கணக்கில் உள்ள மீதி வேறு, எடுக்கக்கூடிய மீதி வேறு. கணக்கில் 2,700 ரூபா இருந்து, குறைந்தபட்ச மீதியாக 1,000 ரூபாவை விட்டுவைக்க வேண்டும் என்பது நிபந்தனையானால், எடுக்கக்கூடியது 1,700 மட்டுமே. அந்த 1,000 ரூபா கழிந்துபோகவில்லை, பூட்டப்பட்டிருக்கிறது. கணக்கை மூடும்போது அது கைக்கு வரும். களுவாஞ்சிக்குடிப் பெண்ணுக்கு ‘காணாமல்போன’ 3,300 ரூபாவில் 1,000 இப்படிப் பூட்டப்பட்டது, 2,300 உண்மையில் அறவிடப்பட்டது. வங்கிக்குப் போவதற்கு முன் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாவிட்டால், கருமபீடத்தில் நடக்கும் பேச்சு தவறான தொகையிலிருந்தே தொடங்கும்.

## 1,180 ரூபா எப்படி −2,300 ஆனது

சம்பளம் வரும் காலத்தில் அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச மீதி நிபந்தனை இருக்கவில்லை. பல வங்கிகள் சம்பளக் கணக்குக்கு இந்தச் சலுகையை வழங்குகின்றன. சம்பளம் வருவது நின்று சில காலத்தில் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்படும், சலுகையும் அத்துடன் போய்விடும். வேலையை விட்டவர்களுக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் தெரிவதில்லை. முழுப் பிரச்சினையும் தொடங்கும் இடம் இதுதான்.

2024 மார்ச்சில் அவர் கடைசியாகப் பணம் எடுத்தபோது மீதி 1,180 ரூபா. அதன் பின் மூன்று கட்டணங்கள் ஓடின: குறுஞ்செய்தி அறிவித்தலுக்கு மாதம் 30 ரூபா, ஏடிஎம் அட்டைக்கு ஒவ்வொரு மே 20ஆம் திகதியும் 800 ரூபா, மீதி 1,000 ரூபாவுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மாத இறுதியிலும் 100 ரூபா.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் முப்பது முப்பதாகக் கழிந்து மீதி 1,120 ஆகிறது. இதுவரை ஆபத்தில்லை. மே 20இல் அட்டைக்கான 800 கழிய, மீதி ஒரே நாளில் 320க்கு விழுகிறது. இந்த ஒரு பற்றுத்தான் கணக்கைக் குறைந்தபட்ச மீதிக்குக் கீழே தள்ளுகிறது. மூன்றாவது கட்டணத்துக்கு வாசல் திறப்பதும் இதுவே. மே இறுதியில் 30உம் 100உம் கழிந்து 190. ஜூனில் 60. ஜூலை 31இல் குறுஞ்செய்திக் கட்டணம் போக எஞ்சிய 30 ரூபாவிலிருந்து 100 கழிக்கப்பட, மீதி −70.

அதன் பிறகு கணக்கில் எடுப்பதற்கு எதுவும் இல்லை, ஆனால் அறவீடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் 130 ரூபா சேர்ந்து 2025 ஏப்ரல் இறுதியில் −1,240. மே 20இல் இரண்டாம் ஆண்டுக்கான அட்டைக் கட்டணம் 800 சேர்ந்து −2,040. மே, ஜூன் இறுதி அறவீடுகளுடன் −2,300.

இந்த 2,300 ரூபாவைப் பிரித்துப் பார்த்தால் அதன் உள்ளமைப்பு தெரியும். 70 ரூபா, கணக்கு சுழியத்தைத் தாண்டிய மாதத்தில் வந்தது. அதன் பின்னரான பதினொரு மாதங்களில் குறைந்தபட்ச மீதி இல்லாமைக்கு 1,100, குறுஞ்செய்திக்கு 330, அட்டைக்கு 800. பணமே இல்லாத கணக்கில் போதிய பணம் இல்லை என்பதற்காக மாதாமாதம் விழுந்த அறவீடுதான் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. குறுஞ்செய்திக்கான 330 ரூபாவோ, கட்டணம் கழிந்தது என்று அறிவித்த செய்திகளுக்கான விலை. அந்தச் செய்திகளும் அவர் பயன்படுத்தாமல் விட்ட கொழும்பு சிம் இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

வட்டியைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள். மறை மீதிக்கு வட்டி அறவிடும் வங்கியும் உண்டு, அது நாளாந்த மீதியில் கணிக்கப்படும். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 2,300 ரூபாவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாதான் வரும். சிறிய சேமிப்புக் கணக்கை ஆழத்துக்கு இழுப்பது வட்டியல்ல, தொகை எவ்வளவு சிறிதானாலும் ஒரே அளவில் விழும் நிலையான கட்டணங்களே. நடைமுறைக் கணக்கில் நிலைமை வேறு. அங்கே மறை மீதி மேலதிகப்பற்றாகக் கொள்ளப்படும், தொகையும் பெரிதாக இருக்கும், கட்டணத்தால் மீதி குறைந்த நேரத்தில் ஒரு காசோலை வந்தால் அது திரும்பி இன்னொரு கட்டணத்தையும் கொண்டுவரும். காசோலைப் புத்தகம் வைத்திருக்கும் கடைக்காரர்கள் மைனஸைக் கண்ட அன்றே கிளையுடன் பேச வேண்டியது இதனால்தான்.

## சும்மா விட்டால் என்ன ஆகும்

இவ்வளவு சிறிய தொகைக்காக வங்கி வழக்குப் போடப்போவதில்லை என்று நினைப்பது பெரும்பாலும் சரி. ஆனால் மறை மீதி வேறு வழிகளில் முன்னே வந்து நிற்கும்.

முதலாவது, அடுத்து வரும் எந்தப் பணமும் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பும். அது வெளிநாட்டிலிருந்து வந்த காசா, உதவிக் கொடுப்பனவா, கைமாற்றுத் திருப்பித் தந்ததா என்று கணினி பார்ப்பதில்லை. இரண்டாவது, வங்கி வாடிக்கையாளரைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தால் அடையாளம் காண்கிறது. அதே வங்கியின் அக்கரைப்பற்றுக் கிளையில் புதிய கணக்குத் திறக்கப் போனாலும், நகை அடகு வைக்கப் போனாலும், கடனுக்கு விண்ணப்பித்தாலும் பழைய கணக்கு திரையில் வரும். பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட இலக்கத்தில் ஒரு கோப்பும், புதிய பன்னிரண்டு இலக்கத்தில் இன்னொரு கோப்புமாக இருந்தால் சில காலம் வராமல் போகலாம். இரண்டும் இணைக்கப்படும் நாளில் வந்துவிடும்.

மூன்றாவது, கணக்குத் திறக்கும்போது கையெழுத்திட்ட படிவத்தில், ஒரு கணக்கின் நிலுவையை அதே வாடிக்கையாளரின் வேறு கணக்கிலிருந்து ஈடுசெய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு என்ற வரி பொதுவாக இருக்கும். ஆகையால் அதே வங்கியில் வேறொரு கணக்கில் சேமிப்பு இருந்தால் அங்கிருந்து தொகை எடுக்கப்படலாம். கணவன் மனைவி கூட்டுக் கணக்குக்கும், பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குக்கும் இது அப்படியே பொருந்துமா என்பதைப் படிவத்தின் வாசகத்தை வைத்தே சொல்ல முடியும்.

‘கிறிப்’ என்று எல்லோரும் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தில் பெயர் விழுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பணியகம் கடன் வசதிகள் பற்றிய தகவலைத் திரட்டுவது. நடைமுறைக் கணக்கின் மேலதிகப்பற்று ஒரு கடன் வசதி. சேமிப்புக் கணக்கில் கட்டணத்தால் வந்த மறை மீதி எவரும் விண்ணப்பித்துப் பெற்ற கடன் அல்ல. ஆயினும் அதை வங்கி தன் ஏட்டில் எந்த வகையில் வைத்திருக்கிறது என்பதைக் கிளையில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது நல்லது. வீட்டுக் கடனோ லீசிங்கோ எடுக்க இருப்பவர் தனது அறிக்கையைத் தானே பெற்றுப் பார்க்கலாம்.

## தீர்க்கும் ஒழுங்கு

மைனஸ் எவ்வளவோ அவ்வளவைக் கட்டிவிட்டால் விடயம் முடிந்தது என்று நினைப்பதே பொதுவான தவறு. ஜூன் 30இல் −2,300 இருந்த கணக்குக்கு அடுத்த நாள் சரியாக 2,300 ரூபா கட்டியிருந்தால் மீதி 0.00 ஆகியிருக்கும். ஜூலை 31இல் அது மீண்டும் −130. சுழியம் குறைந்தபட்ச மீதி அல்ல. சுழியத்தில் நிற்கும் கணக்கு மூடிய கணக்கும் அல்ல. எனவே முதலில் கட்டணம் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டுப் பிறகுதான் பணத்தைக் கட்ட வேண்டும்.

1. கணக்குக் கூற்றைப் பெறுதல். கடைசியாக நீங்களே செய்த கொடுக்கல்வாங்கல் நாளிலிருந்து இன்றுவரையான கூற்றைக் கேட்க வேண்டும். வங்கிப் புத்தகத்தைப் பதிவுசெய்து கொண்டால் போதாது, ஏனெனில் நெடுநாள் பதியாத புத்தகத்தில் சில வங்கிகள் பல வரிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாக அச்சிட்டுவிடும். கூற்றுக்கும் ஒரு கட்டணம் இருக்கலாம், கையடக்கச் செயலி இருந்தால் அதில் இலவசமாகக் கிடைக்கக்கூடும்.

2. மூன்று வரிகளைக் குறித்தல். குறைந்தபட்ச மீதிக்குக் கீழே கணக்கைத் தள்ளிய பற்று, சுழியத்தைத் தாண்டிய பற்று, அதற்குப் பின் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் பற்றுகள். நமது உதாரணத்தில் 2024 மே 20, 2024 ஜூலை 31, பிறகு மாதாந்தம் 130. சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும் குறியீடு ஒன்று விளங்காவிட்டால் அது எந்தக் கட்டணம் என்று உத்தியோகத்தரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணமல்லாத ஏதாவது, மறந்துபோன நிலையியற் கட்டளையோ நீங்கள் செய்யாத அட்டைக் கொள்வனவோ அங்கே இருந்தால், அது வேறு வகை முறைப்பாடு. அதைக் கட்டணப் பேச்சோடு கலக்கக் கூடாது.

3. மூலத்தை நிறுத்துதல். குறுஞ்செய்தி அறிவித்தலை நிறுத்தும் விண்ணப்பத்தையும், வேண்டாத அட்டையை இரத்துச் செய்யும் விண்ணப்பத்தையும் அன்றே கொடுத்து, திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டையை வெட்டி எறிவது இரத்துச் செய்வதாகாது, அடுத்த மே 20 அதற்காகக் காத்திருக்காது.

4. கழிவு கேட்டல். கட்டணத்தைத் திருப்பி வரவுவைக்கக் கிளை முகாமையாளருக்கு ஓரளவு அதிகாரம் இருக்கும், அதற்கு மேலானதைத் தலைமையகத்துக்கு அனுப்பலாம். ‘எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்’ என்று கேட்பதைவிட, எந்த வரி எந்தக் காரணத்துக்காக என்று கேட்பதற்கே பலன் அதிகம். நமது உதாரணத்தில் கேட்கத்தக்கவை இரண்டு: கணக்கு சுழியத்துக்குக் கீழே போன பின் விழுந்த 1,100, ஒரு தடவையும் பயன்படுத்தாத ஆண்டுக்கான அட்டைக் கட்டணம் 800. இது உரிமையாகக் கோரும் தொகையல்ல, வங்கி தன் விருப்பில் தருவது. சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறியதை அறிவிக்கவில்லை என்பது உண்மையானால் அந்தக் கோரிக்கைக்கு அதுவே வலுவான தூண்.

5. பணம் கட்டும் நாள். மாத இறுதி அறவீடு ஓடுவதற்கு முன்னரான நாளாக இருப்பது நல்லது. கணக்கை வைத்திருக்கப் போகிறவர் மறை மீதியுடன் குறைந்தபட்ச மீதியையும், அடுத்து வரவிருக்கும் கட்டணத்தையும் சேர்த்து வைப்பிலிட வேண்டும். மூடப் போகிறவர் முதலில் மூடும் விண்ணப்பத்தைக் கொடுத்து, அன்றைய நாளுக்கான இறுதித் தொகையை, வட்டியும் மூடும் கட்டணமும் உட்பட, உத்தியோகத்தரிடம் எழுதி வாங்கிய பின் அதை மட்டும் கட்டினால் போதும்.

களுவாஞ்சிக்குடிப் பெண் ஜூலை மாதத்துக்குள்ளேயே கிளைக்குப் போய், கேட்ட இரண்டு தொகைகளும் கிடைத்துவிட்டன என்று கொண்டால், 2,700 ரூபா மீதியுடன் 1,900 வரவு சேர்ந்து 4,600 ஆகும். தம்பி அனுப்பிய பணத்தில் அவர் உண்மையில் இழந்தது 70உம் 330உமான 400 ரூபா மட்டுமே. அட்டையையும் குறுஞ்செய்தியையும் நிறுத்திவிட்டு 1,000 ரூபாவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்தக் கணக்கில் கழிவதற்கு வேறெதுவும் இல்லை. கேட்டது எதுவும் கிடைக்காவிட்டாலும் 2,700 அவருடையதே. மூடினால் பூட்டியிருந்த 1,000உம் அதற்குள் வந்துவிடும்.

## கிளை மறுத்தால்

முதல் முறைப்பாடு அந்த வங்கிக்கே எழுத்தில் போக வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அம்பாறை நகரத்துக் கிளையானாலும் கொழும்புத் தலைமையகமானாலும் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. கணக்கு இலக்கம், மறுக்கும் ஒவ்வொரு பற்றின் திகதியும் தொகையும், ஏன் மறுக்கிறீர்கள் என்ற ஒரு வரி, என்ன வேண்டும் என்ற ஒரு வரி, இவை போதும். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதியியல் குறைகேள் அதிகாரியிடம் போகும் வழியும் உண்டு. 2023இல் மத்திய வங்கி வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், கட்டணங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்துவதையும் முறைப்பாட்டைக் கையாள்வதையும் வங்கியின் கடமைகளாக்குகின்றன. ஆகவே ‘இந்தக் கட்டணம் எப்போது, எவ்விதம் எனக்கு அறிவிக்கப்பட்டது’ என்ற கேள்வி கடிதத்தில் இடம்பெற வேண்டும். இந்த இடங்களில் விசாரிக்கப்படுவது கட்டணம் விதிமுறைப்படி அறவிடப்பட்டதா என்பதே. அறிவிக்கப்பட்டு, நிபந்தனையில் எழுதப்பட்டு, சரியாகக் கணிக்கப்பட்ட கட்டணம் அதிகம் என்பதற்காக மட்டும் அது திருப்பித் தரப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

கணக்கு மைனஸில் இருப்பதை எவரோ தொலைபேசியில் சொல்லி, சரிசெய்வதற்காக உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கத்தைக் கேட்டால், அது வங்கியல்ல. மறை மீதிக்குப் பணம் கட்ட எந்த இரகசிய இலக்கமும் தேவையில்லை. கணக்கு இலக்கத்தை வைப்புச் சீட்டில் எழுதி எவரும் கருமபீடத்தில் கட்டலாம்.

கணக்கை மூடியவர் கிளையை விட்டு வெளியே வருமுன் பெற வேண்டிய தாள் ஒன்று உண்டு: கணக்கு இன்ன திகதியில் மூடப்பட்டது, நிலுவை ஏதுமில்லை என்று கணக்கு இலக்கத்துடன் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்ட கடிதம். அடுத்த மாத இறுதி கழிந்த பின் ஒருமுறை கிளையில் கேட்டு, கணக்கு திரையில் மூடியதாகவே காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கோப்பில் தங்கிப்போய், மூடியதாக நினைத்த கணக்கு இன்னும் மாதம் 130 ரூபா வீதம் இறங்கிக்கொண்டிருந்தால், அது தெரியவரும் முதல் நாள் அதுதான்.